பழுது நீங்கிய வண்டியும் திரும்பாத விலையும்

சித்தூரிலோ திருப்பதியிலோ பழைய கார் வாங்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "வண்டி அடிபட்டதா?" என்பதுதான். அடிபட்டிருக்கிறது என்று தெரிந்ததும் பேரம் வேறு திசையில் போகிறது. எங்கே அடி, எதை மாற்றினார்கள், எவ்வளவு நன்றாகச் சரிசெய்தார்கள் என்று யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. "ஆக்சிடென்ட் வண்டி" என்று ஒரு சொல் விழுகிறது; விலையும் கூடவே விழுகிறது. கம்பெனி சர்வீஸில் புது உதிரிபாகம் போட்டு, அளவு பிசகாமல் சரிசெய்த காருக்கும், ஓரமாக ஒரு செட்டில் பட்டி பூசி மறைத்த காருக்கும் சந்தை கிட்டத்தட்ட ஒரே தண்டனையைத் தருகிறது.

இந்த விலை வீழ்ச்சியை எந்த மோட்டார் பாலிசியாவது ஈடுசெய்கிறதா? சொந்த வண்டிச் சேதத்துக்கான நம் நாட்டுப் பொதுப் பாலிசி ஈடுசெய்வதில்லை. வழக்கமாக விற்கப்படும் துணைக் காப்பீடுகளும் ஈடுசெய்வதில்லை. ஆனால் தவறு இன்னொரு வண்டியுடையது என்றால் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவை நம் பகுதியில் பலரும் தட்டுவதே இல்லை.

முதலில் பாலிசியில் இருப்பதைப் பார்ப்போம். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த வாசகம்தான் இன்றும் தனியார் கார் பாலிசிகளின் அடித்தளம். வண்டிச் சேதத்தைப் பற்றிய முதல் பிரிவில், நிறுவனம் எவற்றுக்குப் பணம் தராது என்ற பட்டியல் இருக்கிறது. விபத்தின் பின்விளைவாக வரும் இழப்பு, தேய்மானம், உபயோகத்தால் வரும் தேய்வு ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. பழுதுபார்த்த வண்டி சந்தையில் குறைந்த விலைக்குப் போவது பின்விளைவு இழப்பாகவே கருதப்படுகிறது. வண்டியைப் பழைய நிலைக்கு ஓட வைப்பது காப்பீட்டு நிறுவனத்தின் கடமை. பழைய விலைக்கு விற்க வைப்பது அதன் கடமையல்ல.

இதை ஒரு கணக்காகப் போட்டால்தான் உறைக்கும். தொகைகள் கணக்குக்காக வைத்தவை, விதிகள் உண்மையானவை. 10 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையுள்ள ஒரு கார். வயது இரண்டரை ஆண்டு. விதிப்படி 30 சதவீதம் கழித்து, ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு 7 லட்சம். சந்தை விலையும் ஏறக்குறைய அதுவே என்று வைத்துக்கொள்வோம். சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், குடிபாலா அருகே, குறுக்கே திரும்பிய ஒரு லாரி காரின் முன்பக்க இடது மூலையைச் சிதைத்துவிடுகிறது. பானெட், ஃபெண்டர், பம்பர், ரேடியேட்டர் தாங்கி, கண்ணாடி எல்லாம் போயின. உள்ளே அப்ரானும், சேஸிஸின் முன் நீட்டமும் மடங்கிவிட்டன. இரண்டு ஏர்பேக் வெடித்துவிட்டது. பழுதுச் செலவு 3,40,000 ரூபாய்.

அதில் இரும்புப் பாகங்கள் 1,20,000. இரண்டு முதல் மூன்று வயதுள்ள வண்டிக்கு அதில் 15 சதவீதம், அதாவது 18,000 ரூபாய் தேய்மானமாகக் கழியும். பிளாஸ்டிக்கும் ஏர்பேக்கும் 1,10,000. அவற்றில் பாதி, 55,000 கழியும். கண்ணாடி 15,000, அதில் கழிவில்லை. டிங்கரிங், பொருத்தும் கூலி 55,000, அதிலும் கழிவில்லை. பெயிண்ட் வேலை 40,000. அதில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதி, 5,000 கழியும். கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக உரிமையாளர் கையிலிருந்து 79,000 போகிறது. நிறுவனம் 2,61,000 தருகிறது. "ஜீரோ டெப்" எனப்படும் துணைக் காப்பீடு எடுத்திருந்தால் 78,000 தேய்மானக் கழிவும் அவருக்கு மிச்சம். 1,000 ரூபாயோடு முடிந்தது.

ஜீரோ டெப் எடுத்தவர் இங்கே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். ஆறு மாதம் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் அடுத்த அடி. வியாபாரி பானெட்டைத் தூக்கி, அப்ரானில் கைவெல்டிங் தழும்பைப் பார்த்துவிட்டு, 5,75,000 தருகிறேன் என்கிறார். காலத்தால் வந்த தேய்மானத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும், அடிபடாத அதே வண்டியோடு ஒப்பிட ஒன்றேகால் லட்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஜீரோ டெப் இந்தத் தொகையில் ஒரு ரூபாயையும் தொடுவதில்லை. பெயரில் தேய்மானம் இருப்பதால், வண்டியின் விலைத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டினோம் என்று பலர் நம்புகிறார்கள். அது உதிரிபாகத் தேய்மானத்துக்கு மட்டுமே.

"ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" எடுத்திருந்தால்? வண்டி திருட்டுப் போனால், அல்லது டோட்டல் லாஸ் என்று அறிவிக்கப்பட்டால்தான் அது வேலை செய்யும். மீட்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்பது அதற்கான எல்லை. நம் கணக்கில் அது 5,25,000. செலவு 5,30,000 என்று வந்தால் உரிமையாளருக்கு 7 லட்சம் கிடைக்கும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இருந்தால் வாங்கிய விலையே கிடைக்கும். செலவு 5,20,000 என்று வந்தால், பாதி உடம்பு மாற்றி வெல்டிங் செய்த ஒரு காரும் அதன் சாவியும் கிடைக்கும். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் ஒருவர் முழுதாகத் தப்புகிறார். இன்னொருவர், சந்தையில் யாரும் தொடத் தயங்கும் வண்டியோடும் மிச்சமிருக்கும் வங்கிக் கடனோடும் நிற்கிறார். நம் காப்பீட்டு முறையில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. லேசாக அடிபட்டவருக்கு விலை இழப்பு சிறியது. முழுதாக நொறுங்கியவருக்கு இழப்பே இல்லை. ஐ.டி.வி.யில் பாதி முதல் முக்கால் வரை பழுதுச் செலவு வந்தவருக்குத்தான் விலை இழப்பு மிகப் பெரியது. அவருக்குத்தான் எந்தத் துணைக் காப்பீடும் உதவுவதில்லை.

இனி, திறந்திருக்கும் கதவு. மேற்சொன்ன விபத்தில் தவறு லாரியுடையது. லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது. அந்த லாரிக்கு நம் கார் உரிமையாளர் ஒரு மூன்றாம் நபர். அவருடைய கார் மூன்றாம் நபரின் சொத்து. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 165, 166ஆம் பிரிவுகள், உயிருக்கும் உடலுக்கும் மட்டுமல்ல, மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போட வழி தருகின்றன. தீர்ப்பாயம் என்றாலே சாவுக்கும் கைகால் முறிவுக்கும்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வண்டிச் சேதத்துக்கும் அங்கே போகலாம். இங்கே எதிராளியின் காப்பீட்டு நிறுவனத்தோடு நமக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே நம் சொந்தப் பாலிசியின் பின்விளைவு விலக்கு குறுக்கே நிற்காது. தவறு செய்தவர், விபத்துக்கு முன்பிருந்த நிலைக்கு நம்மைப் பணத்தால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற இழப்பீட்டுக் கோட்பாடுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி விலை இழப்பும் இழப்புதான் என்று பிற நாட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் பேட்டன் எதிர் புரூக்ஸ் வழக்கில், நன்றாகப் பழுதுபார்த்த பிறகும் சந்தை மதிப்பு குறைந்திருப்பதை நிரூபித்தால், பழுதுச் செலவுக்கு மேலாக அதையும் கேட்கலாம் என்ற கோட்பாட்டை ஏற்றது. அந்த வழக்கைத் தொடுத்தவருக்கோ பணம் கிடைக்கவில்லை. மதிப்பு குறைந்தது என்பதற்கான சாட்சியம் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தவில்லை. ஜெர்மனியில் தவறு செய்தவரின் காப்பீடு இந்த இழப்பைத் தருவது வெகுகாலமாக வழக்கம்; சேத மதிப்பீட்டாளரின் அறிக்கையிலேயே அதற்குத் தனி வரி உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 2001இல், சொந்தப் பாலிசியின் கீழேயே நிறுவனம் விலை இழப்பை மதிப்பிட்டுத் தர வேண்டும் என்றது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2003இல், முறையாகப் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் கடமையில்லை என்றது. நமக்கு இங்கிலாந்து வழக்கின் பாடம்தான் நெருக்கமானது. கோட்பாடு துணை நிற்கும். சாட்சியம் இல்லாவிட்டால் கைக்கு எதுவும் வராது.

சாட்சியத்தை யார் தருவது என்ற இடத்தில்தான் இது தனி மனிதரின் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டி, ஊரின் பிரச்சினையாகிறது. பழுதுக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள், எந்தப் பாகம் நட்டு கழற்றி மாற்றப்பட்டது, எது வெட்டி வெல்டிங் செய்யப்பட்டது என்று பிரித்தெழுதிய பில், சேஸிஸ் அளவைச் சரிபார்த்த அச்சுப் பிரதி ஆகியவை வேண்டும். இவை வொர்க்‌ஷாப்பின் கையில் இருக்கின்றன. சர்வேயர் அறிக்கை காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அடிபடாத இதே வண்டி என்ன விலைக்குப் போகும், இது என்ன விலைக்குப் போகும் என்று எழுத்தில் சொல்லக்கூடியவர் பழைய கார் வியாபாரி. இந்த மூவரும் தயங்காமல் எழுதித் தந்தால்தான் உரிமையாளர் தீர்ப்பாயத்தில் நிற்க முடியும். இன்று மூவருமே வாயால் சொல்கிறார்கள்; தாளில் தருவதில்லை.

வொர்க்‌ஷாப்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அப்ரான் வேலை" என்று ஒற்றை வரியில் பில் போடாதீர்கள். அப்ரான் முழுதாக மாற்றப்பட்டதா, தட்டி நிமிர்த்தப்பட்டதா என்று எழுதுங்கள். நல்ல வேலை செய்தவருக்கு அது பாதுகாப்பு. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் தடிப்பு இருக்கும். பட்டி பூசிய இடம் முந்நூறையும் தாண்டி, சில இடங்களில் ஆயிரம் வரை காட்டும். தடிப்பு அளக்கும் சிறு கருவி இன்று வியாபாரிகளிடம் சாதாரணமாகிவிட்டது. தொழிற்சாலையில் போட்ட புள்ளி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டக் குழிகளாக இருக்கும். கையால் போட்டது அப்படி இருக்காது. பானெட் கீலில் உள்ள போல்ட்டின் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றியது தெரியும். முன் கண்ணாடியில் உள்ள தயாரிப்பு ஆண்டு மற்றக் கண்ணாடிகளோடு பொருந்தாவிட்டால் மாற்றியது தெரியும். மறைத்த பழுது இத்தனை வழிகளில் வெளியே வரும்போது, மறைப்பதால் விலை காப்பாற்றப்படுவதில்லை. சந்தேகம்தான் பெருகுகிறது. அந்தச் சந்தேகத்தின் விலையை நேர்மையாகப் பழுதுபார்த்த எல்லா வண்டிகளும் கட்டுகின்றன.

விற்பவர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும். வாங்குபவர் கேட்கும்போது, பெரிய விபத்தைத் தெரிந்தே மூடிமறைப்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மோசடிக்குள் வரக்கூடியது. வியாபாரியாக இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேர்கிறது. நுகர்வோர் ஆணையத்தின் வாசலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்த அங்கீகாரத்தின் நிபந்தனையாக, வண்டியின் விபத்துப் பழுதைப் பற்றி ஒரு பக்க அறிவிப்பையும் சேர்க்கலாம். சித்தூரும் திருப்பதியும் தமிழ்நாடு, கர்நாடக எல்லையோரச் சந்தைகள். இங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி வேலூருக்கோ கோலாருக்கோ போகும் வண்டியின் பழைய கதை எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. அந்த ஒரு பக்கம் வண்டியோடு போக வேண்டும்.

காப்பீட்டு நிறுவனங்களின் பங்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. எந்த வண்டிக்கு எந்த ஆண்டு எவ்வளவு கிளெய்ம் கொடுத்தோம் என்ற தகவல் அவர்களிடம் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டுத் தகவல் அமைப்பிலும் திரட்டப்படுகிறது. உரிமையாளர் ஒப்புதல் தந்தால், வாங்குபவர் பார்க்கும்படி ஒரு கிளெய்ம் சான்று தருவது கடினமல்ல. அடுத்தது புதிய துணைக் காப்பீடு. விலை இழப்பை அளப்பது கடினம், விற்கும்வரை தெரியாது, ஏமாற்று நடக்கும் என்று நிறுவனங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால் விற்பனை விலையைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் யோசனை. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் பாதியைத் தாண்டி, சேஸிஸ், பில்லர், அப்ரான் போன்ற உடற்கூட்டுப் பாகத்தில் வேலை நடந்திருப்பதாகச் சர்வேயர் எழுதினால், ஐ.டி.வி.யில் முன்பே குறித்த ஒரு சதவீதத்தை வழங்கலாம். வண்டியின் வயது கூடக்கூட அந்தச் சதவீதம் குறையலாம். ஐந்து வயதுக்கு மேல் தேவையில்லை. விருப்பமுள்ளவர் மட்டும் கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்துக்கொள்வதால் மற்றவர்மேல் சுமை விழாது. நான் மேலே காட்டிய பள்ளத்தை அடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மொகிலி கணவாயிலோ திருமலைப் பாதையிலோ, வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தடுப்புச் சுவரில் மோதியவருக்கு வழக்குப் போட எதிராளியே இல்லை. அவருக்கு இந்த வழி ஒன்றுதான் இருக்க முடியும்.

வாங்குபவர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பம்பரும் ஃபெண்டரும் மாற்றிய வண்டியையும், சேஸிஸ் மடங்கி நிமிர்ந்த வண்டியையும் ஒரே சொல்லால் ஒதுக்காமல், தாளைக் கேட்டுப் பார்த்து விலை சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறவருக்கும் மறைப்பவருக்கும் நாம் ஒரே விலையைத் தந்தால், அடுத்த முறை யார் உண்மையைச் சொல்வார்கள்?

விபத்துக்கு உள்ளானவர்கள் இன்றே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சொந்தக் காப்பீட்டில் பழுதுபார்த்துக்கொண்டாலும், காப்பீடு தராத மிச்ச இழப்பை லாரியின் உரிமையாளர்மேலும் அதன் காப்பீட்டு நிறுவனத்தின்மேலும் கேட்கலாம். பழுதுச் செலவில் சொந்த நிறுவனம் கொடுத்த பகுதியை இரண்டாவது முறை கேட்க முடியாது. கழிந்த தேய்மானம், பிடித்தம், விலை இழப்பு ஆகியவைதான் கேட்பதற்கு உரியவை. ஆனால் வண்டியை எடுக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போடும் தாள்களில் இந்த உரிமை போய்விடக் கூடாது. சப்ரோகேஷன் கடிதம் என்று ஒன்றை நீட்டுவார்கள். தான் கொடுத்த பணத்தைத் தவறு செய்தவரிடம் வசூலிக்கும் உரிமையை நிறுவனம் அதில் பெறுகிறது; அது நியாயமே. எகனாமிக் டிரான்ஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் இந்தக் கடிதங்களை வகைபிரித்து விளக்கியது. வெறும் சப்ரோகேஷன் என்றால் நிறுவனம் கொடுத்த அளவுக்குத்தான் அதற்கு உரிமை, மிச்சம் உரிமையாளருடையது. அதே கடிதத்தில் முழு உரிமையையும் மாற்றித் தருகிறேன் என்ற வாசகம் சேர்ந்திருந்தால், வசூலாகும் முழுத் தொகையையும் நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அச்சடித்த அந்தத் தாளை, சித்தூரில் தமிழும் தெலுங்கும் மட்டும் படிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். முகவர்களும் வொர்க்‌ஷாப் முகப்பில் இருப்பவர்களும் அதை வாசித்துச் சொல்லும் கடமையை ஏற்க வேண்டும். பழுதுச் செலவுக்கு மட்டும் ஒப்புதல், விலை இழப்பு கேட்கும் உரிமை எனக்கே என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவதில் தவறில்லை.

லாரியின் பாலிசியையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான வரம்பு ஏழரை லட்சம் ரூபாய். சிறு தொகை மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் விதியில் இடமிருக்கிறது. அப்படிக் குறைத்திருந்தால் மிச்சத்தை உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும். நம் பக்கமும் தவறு இருந்தால் அந்த விகிதத்தில் தொகை குறையும்.

லாரி தமிழ்நாட்டுப் பதிவாகவோ கர்நாடகப் பதிவாகவோ இருந்தால் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்திலும், மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் மனுப்போட 166ஆம் பிரிவு இடம் தருகிறது. சித்தூர்க்காரர் சித்தூரிலேயே, திருப்பதிக்காரர் திருப்பதியிலேயே போடலாம். வழக்கறிஞர்கள் காயத்துக்கான மனுவை எழுதும்போது வண்டியின் விலை இழப்பையும் தனித் தலைப்பாகச் சேர்த்து, வியாபாரிகளின் எழுத்துமூல மதிப்பீட்டை இணைக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்கிறது. இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்காமல், வண்டி வொர்க்‌ஷாப்பில் இருக்கும்போதே படங்களையும் சர்வேயர் அறிக்கையின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.